ஒரு துண்டு நார்த்தங்காய்: ஓடுகிறவர் தட்டில் ஒளிந்திருந்த உப்பு

கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். பேர் வேண்டாம், விஷயத்தை எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டார். வயது 44, எடை 74 கிலோ, வாரத்தில் நாலு நாள் விடியற்காலையில் காவிரிக் கரையோரமாக 12 கிலோமீட்டர் ஓடுகிறவர். சிகரெட் இல்லை, குடி இல்லை, தொப்பையும் இல்லை. போன தை மாதம் ஒரு ரத்ததான முகாமில் போய் உட்கார்ந்தார், பிரஷர் 150/96 காட்டியது. 140/90க்கு மேல் இருந்தால் ரத்தம் எடுக்க மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனுஷனுக்குப் பிரஷர் இருக்கிறது என்பதைவிட ரத்தம் வேண்டாம் என்று சொன்னதில்தான் கோபம்.

மருத்துவரைப் பார்த்தார். வீட்டிலேயே ஒரு வாரம் காலை, மாலை அளந்ததில் சராசரி 146/92. சிறுநீரகம், சர்க்கரை எல்லாம் சரியாக இருந்தது. மாத்திரை தொடங்க மூன்று மாதம் பொறுக்கலாம், அதற்குள் உப்பைக் குறைத்துப் பாருங்கள் என்றார் மருத்துவர். அதோடு, முட்டி வலிக்காக அண்ணன் அவ்வப்போது போட்டுக்கொண்டிருந்த டைக்ளோஃபெனாக் மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார், அந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும். இந்த மாத்திரை விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நான் உணவு ஆலோசகர், அவரோடு ஓடுகிறவனும்கூட. என்னிடம் வந்து அவர் சொன்ன முதல் வாக்கியம் இது: "தம்பி, எங்க வீட்டுல குழம்புல உப்பே கிடையாது. ரெண்டு வருஷமா உங்க அண்ணி பாதிதான் போடுறா. அதுவும் நான் ஓடுறவன், வேர்வையிலயே எல்லாம் போயிடும்."

இதில் பாதி உண்மை. அண்ணி நிஜமாகவே குறைத்துத்தான் போடுகிறார். உப்பு ஜாடியை எடை போட்டு வைத்துவிட்டு, ஏழு நாள் கழித்துத் திரும்ப எடை போடச் சொன்னேன். ஊறுகாய்க்கோ வேறு எதற்கோ அதிலிருந்து எடுக்கக் கூடாது, சமையலுக்கு மட்டும். வீட்டில் நாலு பேர், ஏழு நாளில் 168 கிராம் குறைந்திருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் சோடியம். 6 என்பது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நம் ஊர் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அது பெரிய எண்ணாகத் தெரியாது. இந்த 6 மட்டும் ஒரு ஓடுகிறவருக்கு இவ்வளவு பிரஷரைக் கொடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதி வரச் சொன்னேன். மூன்று நாள் எழுதினார். இட்லி, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், கீரை, மோர் என்று கிரமமாக இருந்தது. ஊறுகாய் என்ற சொல்லே இல்லை. அப்பளம் ஒரு நாளில் மட்டும் இருந்தது. "தொட்டுக்க ஒண்ணும் இல்லையாண்ணே?" என்று கேட்டதற்கு, "அது என்ன, சாப்பாடா? சும்மா ஒரு துண்டு நார்த்தங்காய்" என்றார். அந்த ஒரு துண்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எங்கள் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் தொட்டுக்கொள்வதைச் சாப்பிட்ட கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இலையில் முதலில் வைப்பதும் அதைத்தான், கணக்கில் விடுவதும் அதைத்தான்.

நல்ல வேளையாக அது மாசி மாதம். அவர் வீட்டு மொட்டை மாடியில் நார்த்தங்காய் காய்ந்துகொண்டிருந்தது. அவருடைய அம்மாதான் போடுகிறவர், எழுபதைத் தாண்டியவர். காயைச் சுருள் சுருளாக அறுத்து, இடுக்கெல்லாம் கல்லுப்பும் கொஞ்சம் மஞ்சள்தூளும் அடைத்து ஜாடியில் போடுவார். நாலைந்து நாளில் காய் தண்ணீர் விட்டு உப்பு கரைந்துவிடும். பிறகு பகலில் சுருளை எடுத்து வெயிலில் வைப்பது, சாயங்காலம் திரும்ப அந்த உப்புத் தண்ணீரிலேயே போடுவது, மறுநாள் திரும்ப வெயில். ஜாடியில் தண்ணீர் சுத்தமாக வற்றும் வரை இதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தண்ணீர் வெயிலில் போகிறது, உப்பு போவதில்லை. போட்ட உப்பில் ஒரு கல்கூட வெளியே கொட்டப்படவில்லை, அத்தனையும் சுருங்கிப்போன காய்க்குள்ளே ஏறிவிட்டது. அப்படியானால் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய தேவையே இல்லை. உள்ளே போன உப்பின் எடையை, முடிவில் கிடைத்த சரக்கின் எடையால் வகுத்தால் போதும்.

"எவ்வளவு உப்புங்கம்மா போட்டீங்க?"

"ரெண்டு கிலோ காய்க்கு ரெண்டு ஆழாக்குப்பா. எங்க அம்மா காலத்துலேருந்து அதான்."

அதே ஆழாக்கில் அதே கல்லுப்பை அள்ளித் தராசில் வைத்தோம். இரண்டு ஆழாக்கு 380 கிராம். பத்து நாள் கழித்துக் காய்ந்து முடிந்த நார்த்தங்காயை எடை போட்டால் 890 கிராம். 380ஐ 890ஆல் வகுத்தால் 0.43 வருகிறது. ஜாடியில் இருப்பதில் நூற்றுக்கு 43 பங்கு உப்பு! அம்மா நம்பவில்லை, தராசு சரியில்லை என்றார். கடையிலிருந்து எடைக்கல் கொண்டுவந்து வைத்துக் காட்டினார் அண்ணன்.

அவர் வழக்கமாகப் பிய்த்துக்கொள்ளும் துண்டு 5 கிராம் இருந்தது. அதில் 2 கிராமுக்குக் கொஞ்சம் மேலே உப்பு, சோடியமாகச் சொன்னால் 800 மில்லிகிராமுக்கு மேல். நாள் முழுவதற்கும் உரிய வரம்பில் ஐந்தில் இரண்டு பங்கு, கட்டைவிரல் நகத்தளவு ஒரு துண்டில் முடிந்துவிட்டது. அவர் அதை இரண்டு வேளை சாப்பிடுகிறார், ஓடிவிட்டு வந்து பழையதுக்கு ஒன்று, மத்தியானம் தயிர் சாதத்துக்கு ஒன்று.

மோர் மிளகாய்க்கும் இதே கதைதான், அதுவும் உப்பு மோரில் ஊறிக் காய்ந்து, மோர் தீரும் வரை திரும்பத் திரும்ப ஊறுகிறது. அவர்கள் வீட்டுப் பக்குவத்தில் கணக்குப் போட்டால் ஒரு மிளகாய்க்கு அரை கிராம் உப்பு வந்தது. ஈரமாக இருக்கும் ஊறுகாய்கள் இவ்வளவு மோசமில்லை. உப்பை நம்பிக் கெடாமல் இருக்கும் ஊறுகாயில் உப்பு 12 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி, வீட்டு எலுமிச்சை ஊறுகாயும் மாவடுவும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கும். பத்து கிராம் எடுத்தால் ஒன்றேகால் கிராம் உப்பு. நாக்குக்குக் காரமும் புளிப்பும் முன்னால் வந்து நிற்பதால் உப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை.

அப்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடை அப்பளத்தில் பாக்கெட்டின் பின்னால் சோடியம் போட்டிருக்கும், அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பாகும். அவர் வாங்கும் சின்ன அப்பளம் ஒன்றில் 0.3 கிராம் உப்புக்குச் சமமான சோடியம் இருந்தது. வீட்டில் அப்பளம் இடுகிறவர்கள் உப்பை மட்டும் கணக்கில் எடுத்தால் ஏமாந்துபோவார்கள், ஏனென்றால் மாவில் போடும் அப்பளக்காரமும் சோடியம்தான், அது உப்பாகக் கரிக்காது, அவ்வளவே. பொரித்தால் கெடுதல், சுட்டால் நல்லது என்பது எண்ணெய்க்கு மட்டும் பொருந்தும். சுட்ட அப்பளத்திலும் உப்பு அப்படியேதான் இருக்கிறது. இந்துப்பு வாங்கிப் போட்டால் சரியாகிவிடாதா என்று அண்ணி கேட்டார். அதுவும் கிட்டத்தட்ட முழுக்க அதே உப்புதான், விலை மட்டும்தான் வேறு.

எல்லாவற்றையும் கூட்டினோம். நார்த்தங்காய் இரண்டு துண்டில் 4 கிராமுக்கு மேல், மோர் மிளகாய் இரண்டில் 1, அப்பளம் மூன்றில் கிட்டத்தட்ட 1, ராத்திரி மாவடுவோ எலுமிச்சையோ ஒன்றேகால். ஆக, தொட்டுக்கொள்வது மட்டும் 7 கிராமைத் தாண்டியது. சமையல் உப்பு 6. ஒரு நாளைக்கு 13 கிராம், அதில் பெரிய பாதி அவர் எழுதிக் கொடுத்த பட்டியலிலேயே இல்லாத பாதி.

கணக்கு காகிதத்தில்தான் இருக்கிறது, உடம்பு என்ன சொல்கிறது என்று பார்க்க 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனை எடுத்தோம், ஓடாத ஞாயிற்றுக்கிழமையில். காலையில் முதலில் போவதை விட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு மறுநாள் காலை முதலில் போவது வரை எல்லாவற்றையும் கேனில் பிடிக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் சோடியம் குறைவாகக் காட்டி நம்மைத் தூங்க வைத்துவிடும், அதனால் கூடவே கிரியாட்டினினும் பார்க்கச் சொல்ல வேண்டும், அது தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கழிவு, அது அவர் உடம்புக்கு ரொம்பக் குறைவாக வந்தால் பிடித்ததில் ஓட்டை என்று அர்த்தம். அண்ணன் கடையிலிருந்து ஒரு பித்தளைக் குடத்தையே எடுத்துத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்று பிளாஸ்டிக் கேன் வாங்கிக் கொடுத்தேன். விடை 196 மில்லிமோல் சோடியம். ஒரு மில்லிமோல் சோடியம் 23 மில்லிகிராம், ஆக 23ஆல் பெருக்கினால் 4,500 மில்லிகிராம் சோடியம், 11 கிராமுக்கு மேல் உப்பு. சாப்பிடுகிற சோடியத்தில் பத்தில் ஒன்பது பங்கு போலச் சிறுநீரில் வரும், அப்படிப் பார்த்தால் எங்கள் 13 கிட்டத்தட்டச் சரி.

சரி, வேர்வை? அவருடைய வாதத்துக்கு நியாயமாக ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டுமே. ஓடுவதற்கு முன் துணி இல்லாமல் எடை 74.6, ஓடி வந்து துடைத்துக்கொண்டு 73.6, நடுவில் குடித்தது 300 மில்லி. ஆக 75 நிமிடத்தில் 1.3 லிட்டர் வேர்வை. வேர்வையில் எவ்வளவு உப்பு போகும் என்பது ஆளுக்கு ஆள் பல மடங்கு மாறும், சிலருடைய பனியன் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகக் கோடு போடும், சிலருக்கு அடையாளமே இருக்காது. வெயிலுக்குப் பழகிய உடம்பு உப்பைக் கொஞ்சம் பிடித்தும் வைத்துக்கொள்ளும். லிட்டருக்கு 40 மில்லிமோல் என்று நடுத்தரமாக எடுத்தால் ஒரு ஓட்டத்தில் போவது 3 கிராம் உப்பு. வாரத்துக்கு நாலு ஓட்டம், 12 கிராம்.

வாரத்துக்கு வாயால் உள்ளே போவது 90 கிராமுக்கு மேல்.

இதோடு இன்னொன்றும் வெளியே வந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மருந்துக்கடை ஓஆர்எஸ் கரைசல் அரை லிட்டர் குடிக்கிறார், யாரோ ஓட்டக்காரர் சொன்னாராம். அது வயிற்றுப்போக்குக்காகச் செய்யப்பட்டது, லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம், அவருடைய வேர்வையைவிடவே உப்பு அதிகம். அரை லிட்டரில் 2 கிராமுக்குக் கொஞ்சம் மேலான உப்புக்குச் சமமானது வந்துவிடும். அதாவது வேர்வையில் போன 3 கிராமில் கிட்டத்தட்ட முக்கால் பங்கை ஓஆர்எஸ்ஸே வாசற்படியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பிறகு அதே வேர்வைக்காக என்று பழையதும் நார்த்தங்காயும். ஒரே கடனை இரண்டு தரம் அடைக்கிற மாதிரி.

அந்தப் பழையதும் நார்த்தங்காயும் யாருக்கு வந்தது என்றால், நடவுக்கும் களைக்கும் போகிறவர்களுக்கு. ஆறு மணி நேரம் வயலில் குனிந்து நிற்கிறவர் விடும் வேர்வைக்கு அந்தத் துண்டு நியாயமான கணக்கு. இவர் ஒன்றேகால் மணி நேரம் ஓடிவிட்டு பத்து மணி நேரம் கல்லாவில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். வயலுக்குப் போன தாத்தாவின் தட்டு அப்படியே கல்லாவுக்கு வந்துவிட்டது.

அதிகமாகிறது என்பதற்கு உடம்பில் அடையாளமே இல்லையா என்றால், இருந்தது, அவர் வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருந்தார். ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து சிறுநீர் போவார், நிறையத் தண்ணீர் குடிக்கிறேன், அதனால் என்பார். எதற்கு அவ்வளவு தாகம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. கல்யாண விருந்துக்கு மறுநாள் எடை ஒரு கிலோ கூடிவிடும், மோதிரம் இறுகும், சாப்பிட்டது ஒட்டிவிட்டது என்று அன்றைக்கு ரெண்டு கிலோமீட்டர் கூடுதலாக ஓடுவார். உடம்பு எட்டொன்பது கிராம் உப்பைத் தேக்கினால் கூடவே ஒரு லிட்டர் தண்ணீரையும் தேக்கும், அது கொழுப்பில்லை.

இப்போது என்ன செய்வது? அண்ணி முதலில் சொன்ன யோசனை, அடுத்த தடவை நார்த்தங்காய்க்குப் பாதி உப்புப் போடலாம் என்பது. வேண்டாம் என்றேன். ஜாடியில் உப்பு சுவைக்கு இல்லை, காவலுக்கு. அதைக் குறைத்தால் காய் காய்வதற்கு முன்பே பூசணம் பிடிக்கும், ஈர ஊறுகாயாக இருந்தால் குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரத்தில் முடிக்க வேண்டியிருக்கும். ஜாடியில் கை வைக்காமல் தட்டில்தான் குறைக்க வேண்டும்.

அதைவிட முக்கியமாக, குழம்பில் உப்பைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னேன். அண்ணிக்கு அதிர்ச்சி. ஆனால் நடந்ததைப் பாருங்கள், நாங்கள் வடிக்கிற சோற்றில் உப்புப் போடுவதில்லை, குழம்புதான் சோற்றுக்கும் சேர்த்து உப்பைச் சுமக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் அது சப்பென்று ஆனதும் இவர் கை தானாக ஜாடிக்குப் போக ஆரம்பித்திருக்கிறது. முன்னெல்லாம் ஒரு வேளைதான் நார்த்தங்காய் என்று அம்மாவே சொன்னார். சமையலில் ஆளுக்கு 2 கிராம் மிச்சம் பிடித்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், தொட்டுக்கொள்வதில் அதற்கு மேலேயே ஏறியிருக்கும். ஆகவே சமையல் உப்பு 6லிருந்து ஆறரை. தயிர் சாதத்தில் மட்டும் உப்பே போடுவதில்லை, அதற்கு ஊறுகாய் இருக்கிறதே, இரண்டு பக்கமும் எதற்கு?

நார்த்தங்காய் ஒரு நாளைக்கு ஒரே வேளை, அதுவும் பழைய துண்டில் கால் பங்கு, சாப்பிடுவதற்குக் கால் மணி முன்பு தண்ணீரில் போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். எவ்வளவு உப்பு அதில் போகிறது என்று நாங்கள் அளக்கவில்லை, ஆனால் அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்தவர் மறுபேச்சுப் பேச மாட்டார். ஊறவைத்ததைத் திரும்ப ஜாடியில் போடக் கூடாது, ஈரம் பட்டால் மொத்த ஜாடியும் போய்விடும். அப்பளம் ஒன்று, மோர் மிளகாய் வாரத்தில் இரண்டு நாள். ஓஆர்எஸ் நிறுத்தியாயிற்று. ஓடிவிட்டு வந்தால் தண்ணீரும் உப்பில்லாத மோரும், அதற்குப் பிறகு வழக்கமான சாப்பாடு. ஒன்றேகால் மணி நேர ஓட்டத்தின் உப்பை ஈடுகட்ட அந்தச் சாப்பாடே போதும்.

முதல் பத்து நாள் அவருக்குப் படுகஷ்டம், வாயில் எதுவுமே ருசிக்கவில்லை என்றார். மூன்றாவது வாரத்தில் ஒரு விசேஷத்துக்குப் போனவர், சாம்பார் கரிக்கிறது என்று வந்து சொன்னார்.

ஆறு வாரம் கழித்துத் திரும்பவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேன். 131 மில்லிமோல், அதாவது 3,000 மில்லிகிராம் சோடியம். வீட்டுப் பிரஷர் சராசரி 136/86. ராத்திரி எழுவது ஒரு தடவையாகி, பல நாள் அதுவும் இல்லை. ஓட்டத்தில் வேகம் குறையவில்லை, சதைப்பிடிப்பும் வரவில்லை, அதைத்தான் அவர் ரொம்பப் பயந்துகொண்டிருந்தார்.

ஆனால் இதை அப்படியே உப்பின் வெற்றியாக எழுதிவிட எனக்கு மனமில்லை. வலி மாத்திரையையும் அதே நேரத்தில்தான் நிறுத்தினார், பிரஷர் இறங்கியதில் அதற்கு எவ்வளவு பங்கு, உப்புக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க வழியில்லை. இன்னொன்று, முதல் சோதனை மாசியில், இரண்டாவது சித்திரை பிறக்கும்போது. அதற்குள் வெயில் ஏறி, கடையில் உட்கார்ந்தபடியே சட்டை நனைகிறது. சிறுநீரில் குறைந்த சோடியத்தில் கொஞ்சம் வேர்வை வழியாகப் போயிருக்கும், அதனால் 131 என்பது உண்மையைவிடக் கொஞ்சம் அழகான எண். அதோடு சமையல் ஆறரையும் தொட்டுக்கொள்வது இரண்டும் சேர்ந்தால் இன்னும் எட்டரை கிராம், 5 எங்கேயோ இருக்கிறது. மருத்துவரும் இன்னும் ஆறு வாரம் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார், மாத்திரை வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பு வாங்கலாமா என்று கேட்டதற்கும், சிறுநீரகம் சரியாக இருக்கிறது, ஆனாலும் பிரஷர் மாத்திரை எது என்று முடிவான பிறகு பேசுவோம் என்றார், சில வகைப் பிரஷர் மாத்திரைகளோடு அது சேரக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை 21 கிலோமீட்டர் ஓடினார், சித்திரை வெயிலில், கிளம்பவே ஆறரை மணி ஆகிவிட்டது. வேர்வை 2.8 லிட்டர். வழி நெடுக வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், தலைவலி, குமட்டல், குழப்பம் என்று போய் ஆபத்தில்கூட முடியும். அதனால் தாகத்துக்கு மட்டும் குடியுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தேன், நடுவில் ஒரு தடவை உப்புப் போட்ட மோரும் கொடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் அவருடைய அம்மா பழையதைப் பிழிந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னைக்காவது முழுத் துண்டு குடுக்கலாமாப்பா?"

"குடுங்கம்மா. கழுவ வேண்டாம்."